அம்மாவுக்கு அறுபது: வீட்டுக் கூடத்தில் இரண்டு நிமிடம் என்ன பேசுவது?

கெடிலக்கரை | ஜூலை 5, 2026, இரவு 9.40

வர்ற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு அறுபது முடியுது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்க வீட்டிலேயே மதியச் சாப்பாடு, 35 பேர். ஹோமம், மண்டபம் எதுவும் இல்லை. அப்பா இறந்து எட்டு வருஷம் ஆச்சு. அம்மா பால்வாடி டீச்சர், இப்போ ஓய்வு. சாப்பாட்டுக்கு முன்னாடி நான் சின்னதா வாழ்த்திப் பேசணும்னு தம்பி சொல்றான். அவன் மனைவி வீடு புதுச்சேரி, அவங்க பக்கம் டம்ளரைத் தூக்கி வாழ்த்துற வழக்கம் உண்டு. எழுதி வெச்சது இது:

"அன்பார்ந்த உறவினர்களே, எங்களுக்காகத் தன் வாழ்க்கையையே தியாகம் செய்த, மெழுகுவர்த்தியாய் உருகிய எங்கள் அன்னைக்கு இன்று அறுபது. வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம். நூறாண்டு வாழ்க."

படிக்கும்போதே எனக்கு ஒட்டலை. எங்கே தப்புன்னு சொல்லுங்க.

சவுக்குத்தோப்பு | ஜூலை 5, இரவு 10.15

சஷ்டியப்தபூர்த்தி வீட்டிலே செய்யலாம், தப்பில்லை. கலசத்துக்கு இடம் வேணும், கூடம் பத்துக்குப் பன்னிரண்டாவது இருக்கா? சாஸ்திரிகளுக்கு இப்பவே சொல்லி வையுங்க. வீட்டிலே முடியலேன்னா திருக்கடையூர் போயிடுங்க. சிதம்பரம், சீர்காழி வழியா காலையிலே கிளம்பினா மதியத்துக்குள்ளே முடிச்சிடலாம். மாலை ரெண்டு, புதுப் புடவை, வேட்டி எடுத்துக்கோங்க.

திண்ணைப்பேச்சு | ஜூலை 5, இரவு 10.50

சவுக்குத்தோப்பு ஐயா, கேள்வியை இன்னொரு தரம் படிங்க. அப்பா இல்லை, ஹோமமும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. அறுபதாம் கல்யாணம் கணவனோட வயசை வெச்சுச் செய்யறது. அம்மாவோட அறுபதுக்குன்னு தனியாச் சடங்கு கிடையாது. அதனாலதான் இந்தப் பேச்சு முக்கியமாகுது. அன்னிக்கு அந்தக் கூடத்திலே அம்மாவுக்குன்னு நடக்கப்போறது இது ஒண்ணுதான்.

கெடிலக்கரை, உங்க நாலு வரியிலே மூணு சிக்கல் இருக்கு.

"தியாகம்", "மெழுகுவர்த்தி" ரெண்டையும் எந்த வீட்டிலே எந்த அம்மாவுக்கும் சொல்லலாம். கேக்கறவங்களுக்கு உங்க அம்மா முகம் தெரியாது. அதோட, தியாகம்னு சொன்ன உடனே பெரியம்மா, அத்தை எல்லாரும் மனசுக்குள்ளே கணக்குப் போட ஆரம்பிச்சிடுவாங்க: யாருக்காக, யாராலே, அப்போ யார் உதவினாங்க, யார் உதவலை. அம்மாவுக்கும் அது தர்மசங்கடம்.

"நூறாண்டு வாழ்க" குழந்தைக்குச் சொன்னா நீண்ட ஆயுள். அறுபது வயசுக்காரருக்குச் சொன்னா இன்னும் நாற்பதுதான்னு ஆயிடும். சில வீட்டுப் பெரியவங்க அந்த இடத்திலேயே "எதுக்குடி கணக்கு வைக்கிற" என்பாங்க. எண் இல்லாம முடிக்கிறது நல்லது.

மூணாவது, "அன்பார்ந்த உறவினர்களே", "அன்னை". அம்மாவை வீட்டிலே எப்படிக் கூப்பிடுவீங்க? நீங்கன்னா, நீயான்னா?

பஞ்சாங்கம்66 | ஜூலை 6, காலை 6.05

நண்பர்களே, முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. தமிழ் வருஷம் அறுபதும் ஒரு சுற்று. 1966 ஆடியிலே பிறந்தவங்க பராபவ வருஷம். இந்த வருஷமும் பராபவ. பிறந்த வருஷமே திரும்பி வந்திருக்கு. "அம்மா பிறந்த பராபவ வருஷம் மறுபடி பிறந்திருக்கிறது"ன்னு ஆரம்பியுங்க, கூடமே அமைதியாயிடும்.

இன்னொண்ணு, அறுபது ஆரம்பிக்கும்போதுதான் கொண்டாடணும். அதாவது போன வருஷமே செஞ்சிருக்கணும்.

திண்ணைப்பேச்சு | ஜூலை 6, காலை 7.30

வருஷக் கணக்கு சரி. 1966 சித்திரையிலிருந்து 1967 பங்குனி வரைக்கும் பராபவ, 2026 சித்திரையிலிருந்து மறுபடி பராபவ. ஆனா அதையே ஆதாரமா வெச்சுப் பாருங்க: போன வருஷம் விசுவாவசு. அப்போ சுற்றே முடியலையே. அறுபதாவது வயசு தொடங்கும்போது செய்யறது உக்ரரத சாந்தி. அறுபது நிறைஞ்சு பிறந்த வருஷம் திரும்பும்போதுதான் சஷ்டியப்தபூர்த்தி. ரெண்டையும் கலந்துட்டீங்க.

அந்தத் தொடக்கம் கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா "பராபவ"ங்கிற சொல்லுக்கு அர்த்தம் தோல்வி, அவமானம். சபையிலே வடமொழி தெரிஞ்ச ஒரு தாத்தா இருந்தாப் போதும், பந்தி முடியற வரைக்கும் அதே பேச்சு. சுற்றைச் சொல்லணும்னா "அம்மா பிறந்த தமிழ் வருஷம் ஒரு சுத்து சுத்தித் திரும்ப வந்திருக்கு"ன்னு சொல்லுங்க, பேரை விட்டுடுங்க.

பஞ்சாங்கம்66 | ஜூலை 6, காலை 7.52

அர்த்தத்தை யோசிக்கலை. ஒத்துக்கறேன். உக்ரரத விஷயத்தை எங்க ஊர் சாஸ்திரிகள்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.

கெடிலக்கரை | ஜூலை 6, மதியம் 1.20

அம்மாவை "நீ வா போ"தான். மத்தவங்ககிட்ட அவங்களைப் பத்திச் சொல்லும்போது "அம்மா சொன்னாங்க" என்போம்.

பெரியம்மா ஃபோன் பண்ணி, ஆடி மாசத்திலே விழா எதுக்குன்னு கேட்டாங்க. அம்மா "நான் பிறந்ததே ஆடியிலேதான், அதுக்கு என்ன பண்ணச் சொல்ற"ன்னு வெச்சுட்டாங்க.

திண்ணைப்பேச்சு | ஜூலை 6, மதியம் 2.10

அப்போ பேச்சையும் அப்படியே பிரிச்சுக்கோங்க. கூடத்தைப் பார்த்துப் பேசும்போது "அம்மா செஞ்சாங்க, நின்னாங்க". கடைசி வரிக்கு மட்டும் அம்மா பக்கம் திரும்பி வீட்டிலே பேசற மாதிரி "நீ". வீட்டிலே நீன்னு கூப்பிடற மக திடீர்னு "தாங்கள்"னு நின்னா அம்மாவுக்கே சிரிப்பு வரும். அதே சமயம் முழுக்க "நீ, நீ"ன்னு பேசினா சம்பந்தி வீட்டு ஆட்கள் முகம் ஒரு மாதிரி ஆகும்.

இப்போ எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். அம்மா திரும்பத் திரும்பச் செஞ்ச ஒரு காரியம். குணம் வேண்டாம், கையாலே செஞ்சது, கண்ணாலே பார்த்தது. பேச்சு முழுக்க அது ஒண்ணு மேலேயே நிக்கணும். மூணு சம்பவம் சொன்னா மூணுமே நினைவிலே நிக்காது.

மாமனார்வீடு | ஜூலை 6, மாலை 4.45

இழையைத் திசை திருப்பறதுக்கு மன்னிக்கணும். என் மாமனாருக்கும் ஆவணியிலே அறுபது, நெல்லிக்குப்பம். மூத்த மருமகன் நான்தான் பேசணுமாம். அவர் திரும்பத் திரும்பச் செய்யற ஒரே காரியம், யார் வீட்டுக்கு வந்தாலும் மின்விசிறியை அணைக்கறது. இதை வெச்சுப் பேச முடியுமா? குறள் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பார்க்கிறேன். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவி, அந்தக் குறள்.

திண்ணைப்பேச்சு | ஜூலை 6, மாலை 6.00

அந்தக் குறளை, 70ஆவதை, பெத்த பிள்ளை மேடையிலே சொல்லக்கூடாது. "இவனைப் பெற அப்பன் என்ன தவம் செஞ்சானோ"ன்னு ஊர் சொல்லணும்கிறதுதான் அதோட பொருள். பிள்ளையே எழுந்து நின்னு சொன்னா தன்னைத் தானே மெச்சிக்கிற மாதிரி ஆயிடும். மருமகன் சொன்னா மச்சான்களைப் புகழற மாதிரி. ரெண்டுமே அப்பாவைப் பத்தி இல்லை.

மின்விசிறி நல்ல பொருள்தான். ஆனா சிக்கனத்தைக் கிண்டல் பண்ற மாதிரி மருமகன் வாயிலேருந்து வரக்கூடாது, மக சொன்னாத்தான் சிரிப்பாங்க. உங்க மனைவியைப் பேசச் சொல்லுங்களேன்.

முத்தியால்பேட்டை | ஜூலை 6, இரவு 8.30

புதுச்சேரிப் பக்கம் கதை சொல்றேன். சொல்தா வீடுகள்லே, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்திலே இருந்துட்டு வந்தவங்க வீட்டிலே, டம்ளரைத் தூக்கி "சாந்தே" என்பாங்க. பேசறவர் முதல்லே தூக்கணும், யாருக்காகத் தூக்கறோமோ அவங்க கண்ணைப் பார்க்கணும், மத்தவங்க அதுக்கப்புறம். அவ்வளவுதான் சட்டம். உள்ளே ஒயின்தான் இருக்கணும்னு இல்லை. கடலூர் வீட்டிலே நன்னாரி வையுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஆனா ஒரு விஷயம், டம்ளர் கையிலே இருந்தா யாரும் கைதட்ட முடியாது. பேச்சு முடிஞ்ச உடனே ஒரு வெத்து அமைதி விழும். பேசறவங்க அதைப் பார்த்துப் பயந்து "அவ்வளவுதான், நன்றி, வணக்கம்"னு இழுத்துடுவாங்க. நல்ல கடைசி வரி அங்கேதான் நாசமாகும். முடிச்ச உடனே நீங்க ஒரு வாய் குடிச்சிடணும். அதைப் பார்த்து எல்லாரும் குடிப்பாங்க. அதுவே முத்தாய்ப்பு.

கெடிலக்கரை | ஜூலை 7, காலை 11.05

நன்னாரி யோசனை அம்மாவுக்கும் பிடிச்சிருக்கு. 35 பேருக்கு எவ்வளவு?

அம்மா செஞ்ச காரியம் யோசிச்சேன். பால்வாடியிலே மூன்றரை மணிக்கு மேலே குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக வருவாங்க. ஒரு குழந்தையோட அம்மா ஓ.டி.யிலே, அதாவது கடலூர் ஓல்டு டவுன்லே, மீன் வித்துட்டு வர லேட் ஆகும். அவங்க வர்ற வரைக்கும் அம்மா கதவைச் சாத்திட்டு, பூட்டைக் கையிலே வெச்சுக்கிட்டு வாசல்லே நிப்பாங்க. பூட்டவும் மாட்டாங்க, உட்காரவும் மாட்டாங்க. ஏன்னு கேட்டா, "டீச்சர் உக்காந்துட்டா இனிமே அம்மா வரமாட்டான்னு புள்ள நெனச்சுக்கும்" என்பாங்க.

இது போதுமா? ரொம்பச் சின்னதா இருக்கே.

திண்ணைப்பேச்சு | ஜூலை 7, மதியம் 12.15

இதைவிடப் பெரிசா எதுவும் வேண்டாம். பூட்டு கையிலே, உடம்பு வாசல்லே. "பாசம்"ங்கிற சொல்லையே எடுக்காதீங்க. பொறுப்பு, கடமை எதுவும் வேண்டாம். அம்மா சொன்ன காரணத்தை மட்டும் அவங்க பேச்சிலேயே சொல்லுங்க.

முத்தியால்பேட்டை | ஜூலை 7, மதியம் 12.40

நன்னாரி கணக்கு: டம்ளருக்கு 150 மில்லி ஊத்தினாப் போதும். ஒரு டம்ளருக்கு ரெண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி சாறு. 35 பேருக்கு 1050 மில்லி, 750 மில்லி பாட்டில்லே ஒன்றரை. ரெண்டு வாங்கி வையுங்க, குழந்தைங்க ரெண்டாவது கேக்கும். தண்ணி நாலரை லிட்டர், பானையிலே. எலுமிச்சை கடைசி அரை மணி நேரத்திலே பிழியுங்க, காலையிலேயே பிழிஞ்சு வெச்சா கசக்கும். பேச்சு தொடங்கறதுக்கு முன்னாடியே எல்லார் கையிலும் டம்ளர் போயிடணும். நடுவிலே தட்டைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் சுத்தினா அவரைத்தான் பார்ப்பாங்க.

சவுக்குத்தோப்பு | ஜூலை 7, மாலை 5.20

சரி, தப்பாப் படிச்சேன். ஆனா ஆரத்தி உண்டா? எப்போ?

கெடிலக்கரை | ஜூலை 7, இரவு 9.00

அதுதான் வீட்டிலே பேச்சே. அப்பா இல்லாததால அம்மாவை உட்கார வெச்சு ஆரத்தி எடுக்கக்கூடாதுன்னு பெரியம்மா. எடுக்கணும்னு தம்பி மனைவி. அம்மா ஒண்ணும் சொல்லலை.

திண்ணைப்பேச்சு | ஜூலை 7, இரவு 9.25

இதிலே வெளியாள் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. அம்மாகிட்ட தனியா, ஒரு வாரம் முன்னாடியே கேட்டுடுங்க. கூடத்திலே 35 பேர் முன்னாடி தட்டை நீட்டி வெச்சு அந்த முடிவை அவங்க தலையிலே போடக்கூடாது. எது முடிவானாலும் பேச்சிலே அதைப் பத்தி ஒரு சொல்லும் வேண்டாம். "காலம் மாறிடுச்சு" மாதிரி ஒரு குத்தல் போட்டீங்கன்னா, அது பெரியம்மாவுக்கான பேச்சாயிடும்.

பஞ்சாங்கம்66 | ஜூலை 8, காலை 6.30

சாஸ்திரிகள்கிட்ட கேட்டேன். உக்ரரதம் தொடக்கத்திலே, பூர்த்தி முடிவிலே. திண்ணைப்பேச்சு சொன்னதுதான் சரி. ஆனா ஆரத்தி எடுக்கலாம்னு நான் சொல்வேன், பிறந்தநாள் பிறந்தநாள்தான்.

சவுக்குத்தோப்பு | ஜூலை 8, காலை 8.10

எங்க பக்கம் எடுக்க மாட்டோம். அவ்வளவுதான் சொல்வேன்.

கெடிலக்கரை | ஜூலை 12, இரவு 10.30

புதுசா எழுதினேன். சத்தமாப் படிச்சா ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி வருது.

"எல்லாரும் வந்திருக்கீங்க, வணக்கம். ரெண்டு நிமிஷம்தான், உடனே இலை போட்டுடுவோம்.

அம்மா பால்வாடியிலே வேலை பார்த்தப்போ, சாயங்காலம் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போக ஒவ்வொருத்தரா வருவாங்க. ஒரு குழந்தையோட அம்மாவுக்கு மட்டும் லேட் ஆகும். ஓ.டி.யிலே மீன் வித்துட்டு வரணும் அவங்க. அதுவரைக்கும் அம்மா கதவைச் சாத்திட்டு, பூட்டைக் கையிலே வெச்சுக்கிட்டு அந்தக் குழந்தையோட வாசல்லே நிப்பாங்க. உட்கார மாட்டாங்க. ஏன்னு கேட்டா, டீச்சர் உக்காந்துட்டா இனிமே அம்மா வரமாட்டான்னு புள்ள நெனச்சுக்கும் என்பாங்க.

நானும் தம்பியும் டியூஷன் முடிஞ்சு வர்றப்போ இந்த வாசல்லேயும் அப்படித்தான் நிப்பாங்க. அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையிலே வர்றப்பவும் இதே வாசல்தான்.

இன்னிக்கு வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு. உட்காரும்மா."

"உட்காரும்மா"ன்னு சொல்லிட்டு டம்ளரைத் தூக்கறேன்.

முத்தியால்பேட்டை | ஜூலை 12, இரவு 10.55

பிரமாதம். கை வைக்காதீங்க.

மாமனார்வீடு | ஜூலை 12, இரவு 11.20

கை வைக்கணும். அப்பா வரியைச் சொல்லி முடிச்ச உடனேயே "வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு"ன்னு வருது. கேக்கற யாருக்கும் உடனே தோணும், ஒருத்தர் வரலையேன்னு. அம்மாவுக்கு முதல்லே தோணும்.

திண்ணைப்பேச்சு | ஜூலை 13, காலை 6.50

சரியான இடத்தைப் பிடிச்சீங்க. நான் ரெண்டு தரம் படிச்சும் தாண்டிப் போயிட்டேன்.

ரெண்டு மாத்தம் போதும். அப்பா வரியை மேலே தூக்கிட்டு, பிள்ளைங்க வரியைக் கீழே இறக்குங்க. கடைசிக்கு முந்தின வரி உயிரோட இருக்கறவங்களைப் பத்தி இருக்கணும். அப்புறம் "வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு" போகட்டும். "இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளேதான் இருக்கோம். உட்காரும்மா." இதிலே யார் இல்லைங்கிற கணக்கே வராது.

அப்பாவைச் சொல்லவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாம விட்டா வயசானவங்க கவனிப்பாங்க. "இன்னிக்கு அப்பா இருந்திருந்தா"ன்னு தொடங்கறதுதான் ஆபத்து. அந்த மூணு சொல்லுக்கே பாதிக் கூடம் முந்தானையை எடுத்துடும், அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் காதிலே விழாது. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஆளா அவரைக் காட்டினா, அந்த வாசல்லே உயிரோட நடந்து வந்துட்டுப் போயிடுவார்.

சவுக்குத்தோப்பு | ஜூலை 13, காலை 9.15

எனக்கு இதிலே உடன்பாடு இல்லை. நல்ல நாளிலே இறந்தவர் பேச்சே எதுக்கு? படத்துக்கு மாலை போட்டாச்சுன்னா போதும்.

கெடிலக்கரை | ஜூலை 13, மதியம் 1.00

மாமனார்வீடு, ரொம்ப நன்றி. அதை அப்படியே படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பதறுது. மாத்திட்டேன். அப்பா வரி இருக்கட்டும்னு தம்பி சொல்றான்.

ஆனா சத்தமாப் படிக்கும்போது ஒவ்வொரு தரமும் அதே இடத்திலே தொண்டை அடைக்குது. "டீச்சர் உக்காந்துட்டா" அந்த வரி.

திண்ணைப்பேச்சு | ஜூலை 13, மதியம் 2.30

எந்த வரின்னு தெரிஞ்சதே பாதி வேலை. அதுக்கு முந்தின வாக்கியம் முடிஞ்ச இடத்திலே தாள்ல ஒரு கோடு போடுங்க. அங்கே நிறுத்தி, மூச்சை முழுசா வெளியே விட்டுட்டு அப்புறம் இழுங்க. பாதி மூச்சிலே அந்த வரியைத் தொடங்கினாத்தான் குரல் உடையும். அந்த வரி சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்காதீங்க, தூரத்திலே நிக்கற யாராவது ஒரு மாமாவைப் பாருங்க. அதையும் மீறி உடைஞ்சா வேகமாப் பேசித் தாண்டப் பார்க்காதீங்க. நின்னுட்டு அதே வரியை முதல்லேருந்து சொல்லுங்க.

தாளா, ஃபோனா?

கெடிலக்கரை | ஜூலை 13, மதியம் 2.45

ஃபோன்.

முத்தியால்பேட்டை | ஜூலை 13, மதியம் 3.10

ஃபோன் வேண்டாம். பேச்சு நடுவிலே திரை அணையும், கட்டைவிரலாலே தட்டிக்கிட்டு நிப்பீங்க. இல்லேன்னா வர்றவங்க "வழி எது"ன்னு மெசேஜ் போட்டு வரி மேலே வந்து விழும். ஒரு கையிலே டம்ளர் வேற. கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியான அட்டையிலே, உள்ளங்கை அகலத்திலே பெரிசா எழுதுங்க. மெல்லிசுத் தாள் ஃபேன் காத்திலே மடங்கிக்கும், கை நடுங்கினா தாளும் சேர்ந்து நடுங்கிக் காட்டிக் கொடுக்கும்.

மாமனார்வீடு | ஜூலை 14, காலை 10.00

மைக் வேணுமா? என் மச்சான் ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சிருக்கான், மைக்கோட.

திண்ணைப்பேச்சு | ஜூலை 14, மதியம் 12.20

35 பேர் கூடத்துக்கு வேண்டாம். அந்த மாதிரி ஸ்பீக்கர் பலதிலே குரல் ஒரு நொடிப்பொழுது தாமதமா வெளியே வரும். தன் குரலே பின்னாடி துரத்தற மாதிரி கேக்கும், தானாவே பேச்சு இழுபடும், தடுமாறும். சின்னக் கூடத்திலே மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்திலே இருந்தா ஊளையும் இடும்.

அதுக்குப் பதிலா சுவரை முதுகுக்கு வெச்சு நில்லுங்க, குரல் முன்னாடி மட்டும் போகும். நேர் தலைக்கு மேலே ஃபேன் வேண்டாம். அடுப்படியிலே குக்கர் விசில் வர்ற நேரம் பார்த்துக்கோங்க, மிக்ஸியை நிறுத்தச் சொல்லுங்க. முதல் வாக்கியத்தை மட்டும் வேணும்னே கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, பேசிக்கிட்டு இருக்கறவங்க அடங்கறதுக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்படும். அதனாலதான் அதிலே முக்கியமா எதையும் வைக்காம "ரெண்டு நிமிஷம்தான்"னு வெச்சிருக்கோம்.

இலை போடறதுக்கு முன்னாடியே பேசிடணும். பரிமாறின பிறகு பேசினா சாதம் ஆறும், பெரியவங்க கை நனைக்கவா வேண்டாமான்னு தவிப்பாங்க, உங்களுக்கும் அது தெரியும்.

கெடிலக்கரை | ஜூலை 18, இரவு 8.15

ஒரு பெரிய சிக்கல் இப்போதான் தோணுது. "உட்காரும்மா"ன்னு முடிக்கிறேன். அந்த நேரத்திலே அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தா?

முத்தியால்பேட்டை | ஜூலை 18, இரவு 8.30

அதைவிடப் பெரிய சிக்கல், அம்மா அடுப்படியிலே இருப்பாங்க.

திண்ணைப்பேச்சு | ஜூலை 18, இரவு 9.10

ரெண்டும் நடக்கும். அம்மாவை அழைச்சுட்டு வந்து நிறுத்தறது ஒரே ஆளோட வேலைன்னு முன்னாடியே சொல்லிடுங்க, தம்பி மனைவி சரியா இருப்பாங்க. பேச்சு நடக்கும்போது பக்கத்திலேயே நின்னா அம்மாவும் நிப்பாங்க. பின்னாடி கைப்பிடி வெச்ச நாற்காலி தயாரா இருக்கட்டும். குட்டை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பட்டுப் புடவையோட உட்காரவும் எழவும் சிரமம், முட்டி வலி இருந்தா இன்னும் மோசம்.

அவங்க முன்கூட்டியே உட்கார்ந்துட்டா எழுப்ப வேண்டாம். அட்டையிலே அடியிலே மாத்து வரி ஒண்ணு எழுதி வெச்சுக்கோங்க: "இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளேதான் இருக்கோம். எழுந்திருக்காதேம்மா." பாதி பலம்தான் இருக்கும், ஆனா பொருந்தும்.

பஞ்சாங்கம்66 | ஜூலை 19, காலை 6.10

26ஆம் தேதி ராகு காலம் மாலை நாலரைக்கு மேலேதான். மதியம் தாராளமாப் பேசலாம்.

கெடிலக்கரை | ஜூலை 27, காலை 11.40

நடந்துச்சு. ரெண்டு நிமிஷம் பத்து வினாடின்னு தம்பி பையன் எடுத்த வீடியோவிலே இருக்கு. "டீச்சர் உக்காந்துட்டா" இடத்திலே நின்னுட்டுத் திரும்பச் சொன்னேன், யாரும் கண்டுக்கலை. கடைசி வரிக்கு அம்மா உட்காரலை. "இலை போடச் சொல்லுடி"ன்னு உள்ளே போயிட்டாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நான் நன்னாரியைக் குடிச்சேன், எல்லாரும் குடிச்சாங்க. நாலு டம்ளர் மீதி.

ஆரத்தி அம்மாவே வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு கேக்கலை.

முத்தியால்பேட்டை | ஜூலை 27, மதியம் 12.05

உட்காராமப் போனதுதான் உங்க பேச்சுக்குச் சரியான முடிவு.

மாமனார்வீடு | ஜூலை 27, மதியம் 12.30

ஃபேன் கதையை மனைவியே சொல்றேன்னுட்டா. ஆனா கூடத்திலே ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்போது சொல்லணுமா, அணைச்சுட்டா? மாமனார் நடுவிலேயே எழுந்து அணைச்சிடுவாரோன்னு பயமா இருக்கு.